ஆய்வு முடிவு தாமதம் என்று மின்னஞ்சல் வந்தால், காரணத்தைக் கேளுங்கள்

சிறுநீரகப் பாதிப்பும் இரத்த அழுத்தமும் உள்ள என் தந்தைக்கு, இரத்தத்தில் பொட்டாசியம் 5.8 என்று வந்ததால், மறுநாளே திரும்பப் பரிசோதிக்கும்படி மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தார். பெரியவர்களுக்குப் பொதுவாக 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டிய அளவு அது. காலையில் இரத்தம் எடுத்த ஆய்வகம் மாலையில் முடிவு தருவதாகச் சொல்லியிருந்தது, மாலையில் முடிவுக்குப் பதிலாக இந்த மின்னஞ்சல்தான் வந்தது: "தொழில்நுட்பக் காரணங்களால் தங்கள் அறிக்கை தாமதமாகிறது. நாளை மாலை 6 மணிக்குள் அனுப்பப்படும். அதுவரை மருந்துகளை வழக்கம்போல் தொடரவும்."

பணிவாக எழுதப்பட்ட அந்த மூன்று வாக்கியங்களில் இரண்டு எங்களை ஏமாற்றின. மறுநாள் 6 மணி கடந்தும் எதுவும் வராததால் நேரில் சென்று விடாமல் கேட்ட பிறகே, குழாயில் இருந்த இரத்தத்தின் சிவப்பணுக்கள் உடைந்து, பரிசோதனைக்குப் பிரித்தெடுக்கும் இரத்தத்தின் தெளிந்த நீரான சீரம் சிவந்துவிட்டதென்றும், அது முதல் நாள் மதியமே தெரியும் என்றும் அங்கிருந்த ஊழியர் ஒப்புக்கொண்டார். சிவப்பணுக்களுக்குள் பொட்டாசியம் மிக அதிகமாக இருப்பதால், அவை உடைந்தால் அது சீரத்தில் கசிந்து அளவைப் பொய்யாக உயர்த்திக் காட்டும்; எனவே அந்த முடிவை வெளியிடாமல் நிறுத்தியது சரிதான். ஆனால், அப்படிக் கெட்ட மாதிரி எத்தனை மணி நேரம் காத்திருந்தாலும் சரியாகாது. புதிதாக இரத்தம் எடுத்தே ஆக வேண்டும் என்ற நிலையில், எங்களை அழைக்காமலேயே "நாளை மாலை 6 மணி" என்று எழுதியது வெறும் சமாதானம்.

அதைவிட ஆபத்தானது மருந்து பற்றிய ஆலோசனை. தந்தை சாப்பிடும் இரத்த அழுத்த மாத்திரையே பொட்டாசியத்தை உயர்த்தக்கூடிய வகையைச் சேர்ந்தது. அதைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதை மருந்து எழுதியவர்தான் சொல்ல வேண்டும். நோயாளியின் மருந்துச் சீட்டையே பார்க்காத ஆய்வகம் எப்படிச் சொல்லலாம்? "அடுத்த வேளை மாத்திரைக்கு முன் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்; கடுமையான தசைத் தளர்ச்சி, படபடப்பு, மயக்கம் இருந்தால் முடிவுக்காகக் காத்திராமல் அவசரச் சிகிச்சைக்குச் செல்லுங்கள்" என்று எழுதியிருந்தால் போதுமானது. நாங்கள் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தபோது, அந்த மாத்திரையை நிறுத்திவைத்து, உடனே மருத்துவமனையில் இரத்தம் கொடுக்கச் சொன்னார்.

கிருமி வளர்ப்புச் சோதனை போன்றவற்றில் கிருமி வளரும்வரை காத்திருப்பது இயல்பு, அங்கே ஓரிரு நாள் தாமதம் நியாயமானது. பொட்டாசியம் போல அன்றே முடியும் சோதனை தள்ளிப்போனால், மாதிரி நல்ல நிலையில் இருக்கிறதா, மீண்டும் இரத்தம் எடுக்க வேண்டுமா, என் மருத்துவருக்குத் தெரிவித்தீர்களா என்று பதில் மின்னஞ்சலிலேயே கேளுங்கள். அன்றே தெளிவான பதில் இல்லையென்றால் வேறு இடத்தில் இரத்தம் கொடுத்துவிடுங்கள். கட்டிய பணத்தைப் பிறகு கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.