அண்ணன் தம்பி நிலத் தகராறு: கூர்ச்சீட்டா, பாகப்பத்திரமா, கோர்ட் ராஜியா?

அப்பா பத்திரம் எதுவும் எழுதாமல் காலமாகிவிட்டார். பூர்வீக நிலம் ஆறு ஏக்கர், ஒரே கிணறு, கூட்டுப் பட்டா. மூன்று மகன்கள், ஒரு மகள். ரோட்டோரப் பக்கம் யாருக்கு, கிணறு யாருக்கு என்பதுதான் சண்டை. ஒருவழியாகப் பேசி முடித்தாயிற்று: சகோதரர்களுக்கு ஆளுக்கு இரண்டு ஏக்கர், அக்காவுக்கு ரொக்கம். இதை எப்படி எழுதி வைப்பது? தமிழ்நாட்டில் முக்கியமாக மூன்று வழிகள் இருக்கின்றன.

பலரும் முதலில் நினைப்பது கூர்ச்சீட்டு. ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் செலவே இல்லை என்று தோன்றும். இதற்குச் சட்டத்தில் இடமில்லாமல் இல்லை. குடும்ப ஏற்பாடு வாய்மொழியாகவே நடக்கலாம் என்றும், நடந்து முடிந்ததைப் பிறகு குறித்து வைக்கும் தாளுக்குப் பதிவு தேவையில்லை என்றும் உச்ச நீதிமன்றம் 1976இல் காலே வழக்கில் சொன்னது. ஆனால் பாகம் ஏற்கெனவே நடந்திருக்க வேண்டும். "இன்று முதல் வடபுறம் அண்ணனுக்கு" என்று எழுதினால் அந்தத் தாளே உரிமையை உண்டாக்குகிறது. அதைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும்.

பதிவு செய்யாத பாக ஆவணத்தை, யார் எந்தப் பகுதியை அனுபவித்து வந்தார் என்று காட்டவாவது கோர்ட்டில் தாக்கல் செய்யலாம். முத்திரைத் தீர்வையும் கட்டவில்லை என்றால் அதுவும் முடியாது. விடுபட்ட தீர்வையோடு பத்து மடங்கு வரை அபராதம் கட்டிய பிறகுதான் கோர்ட் அதைச் சாட்சியமாக ஏற்கும். பல ஆண்டுகளாகத் தனித்தனியாக உழுது, தனித்தனியாக வரி கட்டி வரும் குடும்பம் என்றால் கூர்ச்சீட்டு ஓரளவு தாங்கும். நேற்றுவரை சண்டை போட்டவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்கவும், வங்கியில் கடன் கேட்கவும் போகும்போது பதிவுப் பத்திரத்தைத்தான் கேட்பார்கள்.

அடுத்தது, பதிவு செய்த பாகப்பிரிவினைப் பத்திரம். செலவுக்குப் பயந்து இதைத் தள்ளிப்போடுகிறவர்கள் கணக்கைப் பார்க்க வேண்டும். குடும்ப உறுப்பினர்களுக்குள் பாகம் என்றால் முத்திரைத் தீர்வை சந்தை மதிப்பில் 1 சதவீதம். 2023 ஜூலை முதல் ஒரு பாகத்துக்கு உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. வழிகாட்டி மதிப்பு ஏக்கருக்கு 25 லட்சம் என்றால் இரண்டு ஏக்கர் 50 லட்சம். உச்சவரம்பு இருப்பதால் ஒரு பாகத்துக்கு மொத்தம் 50,000க்கு மேல் போகாது. அக்காவின் பங்கையும் ஒரு பாகமாகக் கணக்கிட்டாலும்கூட நான்குக்கும் சேர்த்து 2 லட்சத்தைத் தாண்டாது. அதே 50 லட்சத்தைக் கிரயமாக எழுதினால், தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம். ஒரு பாகத்துக்கே நாலரை லட்சம்.

அக்கா விஷயத்தில் கவனம் வேண்டும். "கல்யாணத்தில் நகை போட்டாயிற்று" என்று அவரை விட்டுவிட்டு எழுதினால் பத்திரம் நிற்காது. மகளும் பிறப்பாலேயே பங்காளி என்று 2020இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது. அவரும் பத்திரத்தில் ஒரு தரப்பாக இருக்க வேண்டும். அவருக்குக் கொடுக்கும் தொகையும் கொடுத்த விதமும் அதில் வர வேண்டும்.

மூன்றாவது, கோர்ட்டில் ராஜி. பாக வழக்கு ஏற்கெனவே நடக்கிறது என்றால் இது நல்ல வழி. வழக்குச் சொத்தைப் பற்றிய ராஜி தீர்ப்பாணைக்குப் பதிவு கட்டாயம் இல்லை. மக்கள் நீதிமன்றத்தில் முடித்தால் கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். பங்குதாரர்களில் மைனர் இருந்தால் கோர்ட் அனுமதியோடு முடிப்பது பின்னாளில் பாதுகாப்பு. ஆனால் முத்திரைச் செலவு அடியோடு இல்லை என்று நினைக்க வேண்டாம்: சொத்தைப் பிரித்துக் கொடுக்கும் இறுதித் தீர்ப்பாணையை முத்திரைத் தாளில்தான் எழுதி வாங்க வேண்டும். வழக்கில் சேராத சர்வே எண்ணை ராஜியில் நுழைத்தால் அதற்குப் பதிவும் தேவைப்படும். வழக்கே இல்லாத குடும்பம் இதற்காகப் புதிதாக வழக்குப் போட வேண்டியதில்லை.

ஆக, நம் ஆறு ஏக்கர் குடும்பத்துக்கு என் தேர்வு பாகப்பத்திரம்தான். வழக்கு ஏதாவது இருந்தால் அதை வாபஸ் வாங்குவதையும் அதிலேயே ஒரு நிபந்தனையாக எழுதிவிடலாம். ஆனால் எழுதுவதற்கு முன்பே சர்வேயரை வைத்து அளந்து, வரைபடம் போட்டு, அதைப் பத்திரத்தோடு இணைக்க வேண்டும். "வடபுறம் இரண்டு ஏக்கர்" என்று மட்டும் எழுதிய பத்திரம் வரப்புத் தகராறில் முடியும். அப்புறம் கிணறு. மூவருக்கும் மூன்றில் ஒரு பங்கு என்பதோடு நிறுத்தாமல், யாருக்கு எந்தக் கிழமை தண்ணீர் முறை, அப்பா பெயரில் இருக்கும் மின் இணைப்பு யார் பெயருக்கு மாறும், மோட்டார் பழுதுச் செலவு எப்படிப் பிரியும், கடைசிப் பாகத்துக்குப் போகும் வண்டிப் பாதை எத்தனை அடி அகலம், வாய்க்கால் யார் நிலம் வழியாகப் போகும் என்பதெல்லாம் பத்திரத்திலேயே இருக்கட்டும்.