மாங்காய் லோடு ஷீட்டை யாருக்கு எந்த அளவுக்குத் திறந்துவிடலாம்?

சீசன் சூடுபிடித்தால் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கூழ் ஆலைகள் முன்னால் பெங்களூரா மாங்காய் ஏற்றிய வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். வரிசை நீண்டால் காய் வெயிலில் காயும், டிரைவர் வெயிட்டிங் கேட்பார். அதனால் எந்த நாளில் யாருடைய லோடு, எத்தனை டன் என்று முன்கூட்டியே பட்டியல் போட்டு ஆலைக்குச் சொல்லி டோக்கன் வாங்கிவிடுகிற விவசாயிகள் குழுக்கள் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு குழு இந்தப் பட்டியலை கூகுள் ஷீட்டில் வைத்திருக்கிறது. சந்தூர், போச்சம்பள்ளி, ஜெகதேவி ஊர்களில் நாற்பது பேர். பெயர், ஊர், ரகம், டன், நாள், லாரி எண் என்று ஆறு பத்தி. அதற்கு வலப்பக்கம் போன் நம்பரும் வங்கிக் கணக்கு எண்ணும்.

இந்த ஒரே ஷீட்டை நாற்பது பேருக்கும் எப்படிப் பகிர்வது என்பதில்தான் ஆளுக்கொரு கட்சி. Share பொத்தானை அழுத்தினால் கூகுள் இரண்டே கேள்விதான் கேட்கிறது. யார் திறக்கலாம்? திறந்தவர் என்ன செய்யலாம்? முதல் கேள்விக்கு, பெயர் சேர்த்தவர் மட்டும் என்றால் Restricted, லிங்க் கையில் இருக்கும் எவரும் என்றால் Anyone with the link. இரண்டாவதற்குப் பார்ப்பவர், கருத்து சொல்பவர், திருத்துபவர் என்று மூன்று படி: Viewer, Commenter, Editor. சண்டையெல்லாம் இந்த இரண்டையும் எப்படிச் சேர்ப்பது என்பதில்தான்.

பெரும்பாலான வாட்ஸப் குழுக்களில் நடப்பது முதல் வழி: லிங்க் உள்ளவர் எல்லோரும் எடிட்டர். போட்டவருக்கு வேலை மிச்சம், யாருக்கும் ஜிமெயில் கேட்க வேண்டாம், அவரவர் லோடை அவரவரே எழுதிக்கொள்ளலாம். கைதவறி எதையாவது தட்டி அழித்துவிடுவார்கள் என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அது அவ்வளவு பெரிய விஷயமே இல்லை. அழிந்தது கண்ணுக்குத் தெரியும், பழைய பதிப்பை எடுத்து மீட்டுவிடலாம். நிஜமான தொல்லை ஃபில்டரில் இருக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். சந்தூர்க்காரர் ஒருவர் தன் ஊர் லோடு மட்டும் பார்க்க வேண்டும் என்று ஊர்ப் பத்தியில் சாதாரண ஃபில்டர் போட்டுவிட்டு மூடிவிட்டார். எடிட்டர் போடுகிற சாதாரண ஃபில்டர் அவர் திரையோடு நிற்பதில்லை. ஷீட்டைத் திறக்கிற எல்லோருக்கும் மற்ற ஊர் வரிசைகள் மறைந்துவிடும். சாயங்காலம் ஜெகதேவிக்காரர் திறந்தார். "ண்ணா, என் பேரையே காணோமே, யார் எடுத்தது?" என்று குழுவில் ஒரு குரல் பதிவு. பதில் வருமுன்னே கடைசியில் போய்த் தன் 9 டன்னை மறுபடி எழுதிவிட்டார். மேலே மொத்தம் 212 என்று இருந்தது 221 ஆனது. SUM சூத்திரம் ஃபில்டரில் மறைந்த வரிசைகளையும் சேர்த்தே கூட்டும், அதனால் பழைய 9, புது 9 இரண்டும் கணக்கில் ஏறின. ஆலைக்கு 221 என்று தகவல் போய், இல்லாத ஒரு லோடுக்கு டோக்கன் வந்தது.

இதைக் கண்டுபிடிக்க எளிய அடையாளம் இடது ஓரத்து வரிசை எண். 2, 5, 6, 13 என்று தாவித் தாவிப் போனால் நடுவில் ஏதோ மறைந்திருக்கிறது. பெயர் போனதாக நினைத்து எழுதத் தொடங்குமுன் அங்கே ஒரு பார்வை பார்த்தால் போதும்.

சரி, செய்தது யார் என்று தேடலாம் என்றால், இந்த வழியில் அதுவும் சிக்கல். கணக்கில் நுழையாமல் லிங்க் வழியாக வந்தவர் திரையில் Anonymous என்றும் கூடவே ஒரு விலங்கின் பெயராகவும்தான் தெரிவார். பதிப்பு வரலாற்றிலும் பெயர் கிடைக்காது. போதாததற்கு, எடிட்டர் இன்னும் பலரைச் சேர்க்கலாம், பகிர்வு அமைப்பையே மாற்றலாம். Share பெட்டியின் பல்சக்கரத்தில் எடிட்டர்கள் அனுமதிகளை மாற்றலாம் என்ற டிக்கை எடுக்கும் வரை இதுதான் நிலை.

இரண்டாவது கட்சி நேர் எதிர். Restricted வைத்து, நாற்பது பேரின் மெயிலையும் தனித்தனியாகச் சேர்த்து எடிட்டர் கொடுப்பது. கட்டுப்பாடு என்று பார்த்தால் இதுவே மேல். கட்டத்தின் மேல் வலது கிளிக் செய்து Show edit history பார்த்தால் யார் எப்போது எதை எதுவாக்கினார் என்பது பெயரோடு வரும். Data மெனுவில் Protect sheets and ranges போய் மொத்தம் வரும் கட்டத்தையும் தலைப்பு வரிசையையும் பூட்டியும் வைக்கலாம்.

ஆனால் தோட்டத்தில் நிற்பவர் நிலைமை வேறு. போன் வாங்கித் தந்த பையன் போட்ட ஜிமெயில் ஒன்று, கடைக்காரர் போட்டது ஒன்று என்று பலர் போனில் இரண்டு கணக்கு இருக்கும். நாம் சேர்த்தது ஒன்று, போன் திறப்பது இன்னொன்று. உடனே அனுமதி கேளுங்கள் என்ற பக்கம் வந்து நிற்கும். அவர் பொத்தானை அழுத்துவார், ஷீட் உரிமையாளருக்கு மெயில் வரும், அதில் இருக்கிற முகவரி யாருடையது என்று இவருக்குத் தெரியாது. தெரியாத முகவரிக்கு அனுமதி கொடுக்கக் கூடாது, கொடுக்காவிட்டால் சண்டை. வலது மேல் மூலையில் இருக்கும் வட்டத்தைத் தொட்டுக் கணக்கை மாற்றச் சொன்னால் பாதிப் பேருக்குத் தீர்ந்துவிடும். மீதிப் பேருக்கு நேரில்தான் போக வேண்டும். ஐந்தாறு பேர் உள்ள நிர்வாகக் குழுவுக்கு இந்த வழி அருமை. நாற்பது பேருக்கு ஒத்துவராது. அப்படியே எல்லோரையும் சேர்த்துவிட்டாலும் ஃபில்டர் பிரச்சினை அப்படியேதான் இருக்கும், செய்தவர் பெயர் மட்டும் தெரியும்.

நடுவழியாக கமென்டர் கொடுக்கலாமே என்பார்கள். ஷீட்டைப் பொறுத்தவரை அதில் பெரிய பிரயோஜனம் இல்லை. கமென்டர் கட்டத்தில் குறிப்பு ஒட்டலாம், எண்ணை மாற்ற முடியாது. "9 இல்லை, 11 டன்" என்று அவர் எழுதினால் யாரோ உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். அதற்கு வாட்ஸப்பில் சொன்னாலே போதுமே.

அதே கமென்டர் உரிமைக்கு கூகுள் டாக்ஸில் மரியாதையே வேறு. விலை பற்றி ஆலைக்குக் குழு எழுதும் கடிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கமென்டர் எழுதுவது எதுவும் நேராகக் கடிதத்தில் சேராது. பரிந்துரையாக வேறு நிறத்தில் நிற்கும். கடிதம் எழுதியவர் ஒவ்வொன்றையும் ஏற்கலாம், தள்ளலாம். "கிலோவுக்கு" என்பதை ஒருவர் "டன்னுக்கு" என்று மாற்றினால் பழையதும் புதியதும் பக்கத்திலேயே தெரியும். ஷீட்டில் இப்படிப் பரிந்துரைக்கும் வசதி கிடையாது. டாக்ஸில் பழகிய கையோடு ஷீட்டிலும் கமென்டர் கொடுப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

என் ஓட்டு வேறொரு ஏற்பாட்டுக்கு: எழுதும் வாசலையும் பார்க்கும் வாசலையும் பிரித்துவிடுவது. எழுதுவதற்கு ஒரு கூகுள் ஃபார்ம். ரகத்தைத் தட்டச்சு செய்ய விடாமல் பெங்களூரா, நீலம், செந்தூரா, அல்போன்சா என்று தேர்வுப் பட்டியலாக வைத்தால் ஒரே காயை நாலு விதமாக எழுதுவது நின்றுபோகும். டன் பெட்டியில் எண் மட்டும், அதுவும் ஒரு வண்டியில் ஏறக்கூடிய அளவுக்குள் என்று வரம்பு வைத்தால் 8.5 என்பது 85 ஆகாது. பதிலை அப்புறம் திருத்தலாம் என்ற அமைப்பையும் போட்டுவிடுங்கள். அனுப்பியவருக்கு அவர் பதிலைத் திருத்தும் வழி கிடைக்கும், திருத்தினால் ஷீட்டில் அதே வரிசை மாறும். ஃபார்மை Publish செய்த பிறகு பதில் அளிப்பவருக்கான லிங்கை எடுக்க வேண்டும். முகவரிப் பட்டையில் இருக்கும், edit என்று முடியும் லிங்கை அப்படியே எடுத்துப் போட்டால் மறுபடி அனுமதி கேளுங்கள் கதைதான்.

பார்ப்பதற்கு லிங்க் உள்ளவர் எல்லோருக்கும் வியூவர். ஆனால் பதில்கள் விழுகிற ஷீட்டையே காட்டிவிடாதீர்கள். கணக்கு எண் பத்தியை மறைத்துவைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் பலர். மறைப்பது பூட்டு ஆகாது. வியூவர் அந்தக் கோப்பைப் பிரதி எடுத்தால் அதில் மறைத்த பத்தியும் சேர்ந்தே போகும், அங்கே அவர்தான் உரிமையாளர். பிரதி, டவுன்லோடு பொத்தான்களை நிறுத்தும் டிக் ஒன்று பல்சக்கரத்தில் இருக்கிறது. கணக்கு எண்ணை அதன் பொறுப்பில் விட எனக்கு மனசு வராது. அதற்குப் பதில் புதிதாக ஒரு ஷீட் தொடங்கி, முதல் கட்டத்தில் இதை எழுதுங்கள். மேற்கோளுக்குள் முதலில் மூல ஷீட்டின் முகவரி, அடுத்து அதிலுள்ள தாளின் பெயர். A பத்தியில் ஃபார்ம் தானாகவே பதில் வந்த நேரத்தை எழுதிக்கொள்ளும், அதனால் நம் ஆறு பத்தியும் B-யில் தொடங்கும்.

```
=IMPORTRANGE("மூல ஷீட் முகவரி", "லோடு!B1:G200")
```

முதல் தடவை #REF! என்று காட்டும். கட்டத்தைத் தொட்டு Allow access கொடுத்தால் ஆறு பத்தியும் வந்து நிரம்பும், மூலத்தில் மாறினால் இங்கேயும் மாறும். போன் நம்பரும் கணக்கு எண்ணும் மூலத்தோடு நின்றுவிடும். ஒரு எச்சரிக்கை: அனுமதி கொடுத்தபின் இந்தப் புது ஷீட்டின் எடிட்டர் எவரும் சூத்திரத்தை மாற்றி மூலத்தின் மற்றப் பத்திகளையும் இழுக்க முடியும். ஆகவே புது ஷீட்டில் மற்றவர்கள் வியூவராக மட்டும் இருக்க வேண்டும். மூலத்தில் குழுத் தலைவரும் கணக்குப் பார்ப்பவரும் மட்டும் பெயர் சொல்லி எடிட்டர்.

வியூவருக்குத் தன் ஊரை மட்டும் பார்க்க ஆசை வந்தால்? கணினியில் அவர் ஃபில்டர் போட்டால் அது தற்காலிகப் பார்வையாக அவருக்கு மட்டும் தெரியும், மற்றவர் திரையில் ஒரு வரிசையும் அசையாது. போனில் தேடும் வசதியில் பெயரை அடித்தாலே போதும்.

மைக்ரோசாஃப்ட் ஒன்டிரைவில் எக்செல் கோப்பாக வைத்திருப்பவர்களுக்கும் யோசனை இதேதான். ஒரு வித்தியாசம் உண்டு. கூகுளில் தனிப்பட்ட கணக்கின் புதுக் கோப்பு Restricted நிலையில் தொடங்கும், நாம்தான் திறக்க வேண்டும். ஒன்டிரைவின் தனிப்பட்ட கணக்கில் பகிரும்போது லிங்க் உள்ளவர் எவரும் திருத்தலாம் என்பதே முதலில் தேர்வாகி நிற்கக்கூடும், நாம்தான் குறைக்க வேண்டும். அனுப்பும் பொத்தானை அழுத்துமுன் அந்த வரியைப் படியுங்கள்.

சீசன் முடிந்ததும் பார்வை ஷீட்டை Restricted ஆக்கிவிடலாம். வாட்ஸப்பில் கிடக்கும் பழைய லிங்க் அப்போதே செத்துவிடும், செய்தியைத் தேடி அழிக்க வேண்டியதில்லை. ஃபார்மில் பதில் வாங்குவதையும் நிறுத்திவிடுங்கள். மூல ஷீட் எந்த ஃபோல்டருக்குள் கிடக்கிறது என்பதையும் ஒரு முறை பாருங்கள். தோட்டத்துப் போட்டோக்களுக்காக எப்போதோ எல்லோருக்கும் திறந்துவிட்ட ஃபோல்டருக்குள் அதை இழுத்துப் போட்டிருந்தால், அந்த ஃபோல்டரின் அனுமதி ஷீட்டுக்கும் வந்து சேர்ந்திருக்கும்.