ஈரோடா, நெல்லையா? மாற்றல் விருப்பம் எழுதும் முன் ஒரு கணக்கு

போன வருஷம் மாற்றல் விருப்பப் படிவத்தில் எனக்கு இரண்டு ஊர்கள் இருந்தன: ஈரோடு, திருநெல்வேலி. வீட்டுக்காரியின் ஊர் பாளையங்கோட்டை என்பதால் நெல்லைக்குத்தான் எங்கள் வீட்டில் ஆதரவு. நான் ஈரோட்டை எழுதினேன். இன்னும் திட்டு வாங்குகிறேன், ஆனாலும் கணக்கு என் பக்கம்தான்.

மத்திய அரசு ஊழியருக்கு வீட்டு வாடகைப்படி ஊரின் மக்கள்தொகையைப் பொறுத்தது. 50 லட்சமும் அதற்கு மேலும் என்றால் எக்ஸ், 5 லட்சம் முதல் 50 லட்சம் வரை ஒய், அதற்குக் கீழே இசட். அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொட்ட பிறகு, அதாவது 2024 ஜனவரி முதல், அடிப்படைச் சம்பளத்தில் முறையே 30, 20, 10 சதவீதம் கிடைக்கிறது. (மாநில அரசு ஊழியர்களுக்குத் தனி அட்டவணை, இந்தக் கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது.)

ஈரோடு ஒய், நெல்லை இசட். இதைச் சொன்னால் நெல்லைக்காரர்கள் கொதிப்பார்கள், கொதிப்பதில் நியாயமும் உண்டு. 2011 கணக்கெடுப்பில் நெல்லை மாநகராட்சிக்குள் மட்டும் சுமார் 4.74 லட்சம் பேர். அன்றைய ஈரோடு மாநகராட்சியில் 1.57 லட்சம்தான். மூன்று மடங்கு பெரிய ஊர் எப்படிக் கீழே போனது?

படிக்காக எண்ணுவது மாநகராட்சி எல்லையை வைத்து அல்ல, நகர்ப்புறத் திரளை வைத்து. மைய நகரத்தோடு ஒட்டிக்கொண்டே வளர்ந்த பக்கத்து ஊர்களையும் சேர்த்து ஒரே தொகுப்பாகக் கணக்கெடுப்புத் துறை எண்ணுகிறது. அப்போது வீரப்பன்சத்திரம், சூரம்பட்டி, காசிபாளையம், பெரியசேமூர் எல்லாம் தனித்தனி நகராட்சிகள். வீதி முடியும் இடம் தெரியாமல் ஈரோட்டோடு கலந்து கிடந்தவை. இப்படிச் சுற்றியிருந்ததைச் சேர்த்ததும் ஈரோட்டுத் திரள் சுமார் 5.22 லட்சம் ஆனது. நெல்லைக்கோ மாநகராட்சிக்கு வெளியே ஒட்டிக்கொள்ள அவ்வளவு ஊர் இல்லை. திரள் சுமார் 4.98 லட்சத்தில் நின்றுவிட்டது. கோட்டைத் தொட இரண்டாயிரம் பேர் அளவுக்குத்தான் குறை.

அந்தக் குறை ஒருவர் சம்பளத்தில் என்ன செய்கிறது? லெவல் 7இல் அடிப்படை 50,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஈரோட்டில் வாடகைப்படி 10,100, நெல்லையில் 5,050. வருஷத்துக்கு 60,600 ரூபாய் வித்தியாசம். நான் ஈரோட்டில் கொடுக்கும் வாடகை 9,500. இதே மாதிரி வீடு பாளையங்கோட்டையில் 7,500க்குக் கிடைக்கும் என்று மச்சான் சொல்கிறார்; நான் அங்கே வாடகைக்கு இருந்ததில்லை, அவர் கணக்கைத்தான் நம்பவேண்டும். அதைக் கழித்தாலும் மாதம் மூவாயிரம் மிஞ்சுகிறது.

போக்குவரத்துப்படியில் இரண்டு ஊரும் ஒன்றுதான். அதற்கு வேறு பட்டியல். நாடு முழுவதும் 19 நகரங்கள், நம் மாநிலத்தில் சென்னையும் கோவையும் மட்டும். அகவிலைப்படி 55 சதவீதமாக இருந்தபோது என் லெவலுக்குக் கோவையில் 5,580, ஈரோட்டிலும் நெல்லையிலும் 2,790. கோவை காலியாக இருந்திருந்தால் இந்த அலசலே தேவைப்பட்டிருக்காது.

திட்டங்களுக்கு வந்தால் இந்த ஒய், இசட் எல்லாம் காணாமல் போகும். 1 லட்சத்தைத் தாண்டிய ஊர் எல்லாம் கணக்கெடுப்பில் முதல் வகுப்பு. அரசியல் சட்டத்தின் 74ஆம் திருத்தப்படி பெருநகரப் பகுதி என்றால் 10 லட்சம் வேண்டும். ஆக ஈரோடும் நெல்லையும் முதல் வகுப்பு, இரண்டுமே பெருநகரம் இல்லை. குடிநீர்த் திட்டம் போடும்போது பாதாளச் சாக்கடை உள்ள ஊருக்கு ஆளுக்கு 135 லிட்டர், பெருநகரத்துக்கு 150 லிட்டர் என்று வைத்துக்கொள்வார்கள். 5 லட்சம் என்ற கோட்டுக்கு அங்கே வேலையே இல்லை.

ஆனால் யாரும் என்னைப் பார்த்து அப்படியே எழுதிவிட வேண்டாம். அரசுக் குடியிருப்பு கிடைக்கும் என்றால் வாடகைப்படியே கிடையாது, இரண்டு ஊரும் சமம். அப்போது மாமியார் ஊரே மேல். இன்னொன்று, படி குடியிருக்கும் இடத்தை வைத்து அல்ல, வேலை பார்க்கும் இடத்தை வைத்து. அலுவலகம் ஊருக்கு வெளியே இருந்தால் அந்த இடம் எந்தத் திரளில் வருகிறது என்று ஆணை எண்ணோடு கேட்டு வாங்குங்கள். எங்கள் பிரிவில் ஒருவர் முகவரியில் ஊர்ப் பெயர் இருக்கிறதே என்று நம்பிப் போய், முதல் சம்பளச் சீட்டில் 10 சதவீதத்தைப் பார்த்தார்.

நெல்லை சீக்கிரம் ஒய் ஆகிவிடாதா என்று மச்சான் கேட்கிறார். ஆகலாம். ஆனால் 2011 கணக்கெடுப்பை வைத்து ஈரோட்டை உயர்த்தியதே 2015 ஏப்ரல் முதல்தான். அடுத்த கணக்கெடுப்பு 2027இல். அதற்குள் எனக்கு அடுத்த மாற்றல் வந்துவிடும். அப்போது பாளையங்கோட்டையை எழுதுவதாக வீட்டில் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.