லாஸ்ட் கிளிக் ரிப்போர்ட்டா, கஸ்டமர்கிட்டயே கேக்குறதா?

எந்த விளம்பரத்தால ஆர்டர் வந்துச்சுன்னு கண்டுபிடிக்க இந்த ரெண்டு வழில எது நல்லது? ஆன்லைன்ல புடவை விக்கிற ஒரு கடைய எடுத்துக்கோங்க. ஒரு அக்கா இன்ஸ்டால ரீல் பாக்குறாங்க, ரெண்டு நாள் கழிச்சு தங்கச்சி வாட்ஸ்அப்ல "இந்தக் கடை நல்லாருக்கு"ன்னு சொல்றா, அப்புறம் சனிக்கிழமை ராத்திரி கூகுள்ல கடை பேரையே அடிச்சு, மேல வர்ற விளம்பரத்த தட்டி வாங்கிடுறாங்க. லாஸ்ட் கிளிக்னா, வாங்குறதுக்கு முன்னாடி கடைசியா எத தட்டினாங்களோ அதுக்கே பேரு, அதனால இங்க மொத்த கிரெடிட்டும் அந்த கூகுள் விளம்பரத்துக்குத்தான். ரீல கிளிக் பண்ணாம வெறுமனே பாத்ததால அது ரிப்போர்ட்லயே இல்ல. இத நம்பி ரீல் செலவ வெட்டினா கொஞ்ச நாள்ல கடை பேர தேடுறவங்களே கொறையலாம், கூகுள்ல என்ன தேடும்போது நம்ம சைட் வருதுன்னு காட்டுற சர்ச் கன்சோல்ல அத பாக்கலாம். ஒரே சேனல்ல ரெண்டு விளம்பரத்துல எது தேவலன்னு பாக்க வேணா லாஸ்ட் கிளிக் போதும்.

இன்னொரு வழி, ஆர்டர் முடிஞ்ச பக்கத்துல "எங்கள முதல்ல எப்படி தெரியும்?"னு ஒரே கேள்வி. மக்களுக்கு ஞாபகம் தப்பும்தான், மேல இருக்கிற பதிலயே தட்டிட்டும் போவாங்க, அதனால வரிசைய ஆளுக்கு ஆள் மாத்திக் காட்டணும். ஆனா தங்கச்சி சொன்னது இதுலதான் வெளிய வரும், அதான் எனக்கு இது மேல நம்பிக்கை.

ரெண்டும் முரண்பட்டா, கடை பேருக்கான விளம்பரத்த சில ஊர்ல மட்டும் மூணு வாரம் நிறுத்திட்டு, மத்த ஊரோட மொத்த ஆர்டர ஒப்பிடுங்க. நிறுத்தின ஊர்ல ஆர்டர் கொறையலன்னா, அந்த விளம்பரத்த தட்டி வாங்கினவங்க அது இல்லாமலே எப்படியும் வந்திருப்பாங்க.