ஒரே போனில் ஆபீஸும் வீடும்: மூன்று வருடம் ஓட்டிப் பார்த்தது

பழைய கம்பெனியில் இருந்தபோது ஆபீஸ் மெயிலைப் போனில் ஏற்ற எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இது 2021 கதை. ஏற்கெனவே இருந்த ஜிமெயில் ஆப்பைத் திறந்து, புதுக் கணக்கு சேர்க்கும் இடத்தில் மைக்ரோசாஃப்டின் ஆபீஸ் மெயில் வகையான எக்ஸ்சேஞ்சைத் தேர்ந்தெடுத்து, பாஸ்வேர்டு போட்டேன். நீளமாக ஒரு அனுமதித் திரை வந்தது. படிக்காமல் Activate அழுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். அந்தத் திரையில் Erase all data என்றொரு வரி இருந்ததைப் பல மாதம் கழித்து வேறொருவர் போனில்தான் கவனித்தேன். அதாவது, போன் தொலைந்தது என்றோ நான் வேலையை விட்டேன் என்றோ ஆபீஸிலிருந்து ஒரு கட்டளை அனுப்பினால், மெயில் மட்டுமல்ல, என் மகளின் பிறந்தநாள் போட்டோ உட்பட மொத்தப் போனும் துடைக்கப்படலாம். அதற்கு நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன்.

நல்லவேளை, அப்படி எதுவும் நடக்கவில்லை. எனக்கு அடி விழுந்தது காலண்டரில். ஆபீஸ் காலண்டரும் சொந்தக் காலண்டரும் ஒரே ஆப்பில் இருந்ததால், புதிதாக எதையாவது குறிக்கும்போது அது எந்தக் கணக்கில் போய் உட்காருகிறது என்று நான் பார்க்கவே இல்லை. பல் டாக்டர் அப்பாயின்ட்மென்ட், வண்டி இன்சூரன்ஸ் தேதி எல்லாம் ஆபீஸ் கணக்கில் சேர்ந்திருக்கின்றன. வேலையை விட்ட அன்று கணக்கை மூடினார்கள். அவையும் கூடவே போயின. இன்சூரன்ஸ் காலாவதியானது போலீஸ் வண்டியை நிறுத்திய பிறகுதான் தெரிந்தது.

அதனால் இப்போதைய கம்பெனியில் சேர்ந்தபோது, ஆண்ட்ராய்டில் இருக்கும் வொர்க் புரொஃபைல் வழியாகத்தான் மெயிலை ஏற்றுவேன் என்று முடிவு செய்துவிட்டேன். இங்கே அதுதான் விதியும்கூட. ஐ.டி. பிரிவு சொன்ன ஆப்பை இறக்கி லாகின் செய்ததும், போனுக்குள் ஒரு தனி அறை கட்டப்பட்டது போல ஆகிவிடும். ஆப் பட்டியலின் அடியில் Personal, Work என்று இரண்டு தாவல்கள் வரும். Work பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு ஐகான் மேலும் குட்டியாக ஒரு பெட்டிப் படம் இருக்கும். அவுட்லுக், டீம்ஸ், தனிப் பிளே ஸ்டோர் எல்லாம் அந்த அறைக்குள்தான். எங்கள் வீட்டில் இதற்குப் பெயரே ‘பெட்டி’.

கம்பெனிக்கு என்ன தெரியும் என்பதைப் பதிவு செய்யும்போதே ஒரு பக்கத்தில் காட்டுகிறார்கள். போன் மாடல், ஆண்ட்ராய்டு பதிப்பு, பெட்டிக்குள் உள்ள ஆப்கள் தெரியும். என் போட்டோ, அழைப்புப் பட்டியல், சொந்தப் பக்கத்து ஆப்கள் தெரியாது. அழித்தாலும் பெட்டியைத்தான் அழிக்க முடியும். இங்கே பலர் மறக்கும் ஒன்று: ஆபீஸ் வைஃபையில் இணைந்தால் சொந்தப் பக்கத்துப் போக்குவரத்தும் அவர்கள் நெட்வொர்க் வழியாகத்தான் போகும். அதற்கும் இந்தச் சுவருக்கும் சம்பந்தமில்லை. நான் ஆபீஸிலும் என் சொந்த டேட்டாவைத்தான் பயன்படுத்துகிறேன்.

சுவர் உறுதியானது. சில நேரம் எரிச்சலூட்டும் அளவுக்கு. அவுட்லுக்கில் வந்த டிக்கெட் பி.டி.எஃப்-ஐ மனைவிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பப் போனால், அனுமதியில்லை என்று வரும். அங்கே காப்பி செய்ததை இங்கே ஒட்டவும் முடியாது. இதெல்லாம் எங்கள் ஐ.டி. வைத்த கட்டுப்பாடு, எல்லா இடத்திலும் இவ்வளவு இறுக்கமில்லை.

எனக்கு உண்மையான தலைவலி மறுபடி காலண்டர்தான், இந்தத் தடவை நேர் எதிர்க் காரணத்தால். முன்பு இரண்டும் கலந்து கிடந்தன. இப்போது ஒன்று இன்னொன்றைப் பார்ப்பதே இல்லை. கம்பெனி அனுமதித்தால் ஆபீஸ் நிகழ்வுகளைச் சொந்தக் காலண்டரில் காட்டும் வசதி ஆண்ட்ராய்டு 10-லிருந்து இருக்கிறது. எங்களிடம் அதை அடைத்துவிட்டார்கள். விளைவு, மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம் இருந்த அதே வியாழன் பத்தரை மணிக்கு ஒரு கிளையன்ட் அழைப்புக்குச் சரி என்று சொல்லிவிட்டேன். கூட்டம் சொந்தப் பக்கத்தில் பத்திரமாகக் குறிக்கப்பட்டிருந்தது. அவுட்லுக்குக்கு அது தெரியாதே.

அதன் பிறகு ஒரு பழக்கம் வைத்தேன். ஆபீஸ் நேரத்தில் வரும் சொந்த வேலை எதுவானாலும், குடும்பக் காலண்டரில் குறிப்பதோடு நிற்காமல், என் சொந்தக் காலண்டரில் அதே நேரத்துக்கு இன்னொரு நிகழ்வு உருவாக்கி, ஆபீஸ் முகவரியை விருந்தினராகச் சேர்ப்பேன். அவுட்லுக்கில் அழைப்பாக வரும். ஏற்றுக்கொண்டால் அந்த நேரம் ‘பிஸி’ ஆகிவிடும். தலைப்பு எப்போதும் ‘வெளி வேலை’தான். முதலில் சோம்பேறித்தனத்தில் குடும்ப நிகழ்விலேயே ஆபீஸ் முகவரியைச் சேர்த்தேன். தலைப்பில் ஸ்கேன் சென்டர் பெயரும், விருந்தினர் பட்டியலில் மனைவியின் முகவரியும் அப்படியே ஆபீஸ் காலண்டருக்குப் போய்விட்டன. சக ஊழியர்களுக்குப் பொதுவாக பிஸியா இல்லையா என்பது மட்டும்தான் தெரியும். ஆனால் என் காலண்டரை முழுதாகப் பார்க்கும் உரிமையை மேனேஜருக்கு நானே கொடுத்திருந்தேன்.

பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்தது, அதை மூடி வைக்கும் பொத்தான். வெள்ளி மாலை ஏழு மணிக்கு அதைத் தட்டினால் ஐகான்கள் எல்லாம் சாம்பல் நிறமாகிவிடும். மெயில் வராது, டீம்ஸ் அடிக்காது. வெறும் நோட்டிஃபிகேஷன் நிறுத்தம் இல்லை இது; உள்ளே இருக்கும் ஆப்கள் ஓடுவதே இல்லை. இதன் மறுபக்கத்தை ஒரு திங்கட்கிழமை கற்றுக்கொண்டேன். எட்டே முக்காலுக்கு அழைப்பு. பெட்டியைத் திறக்க மறந்துவிட்டேன், அதனால் காலண்டர் நினைவூட்டலும் வரவில்லை. ஒன்பதேகாலுக்குத் திறந்தபோது எல்லாம் வரிசையாகக் கொட்டியது. சில போன்களில் இதற்கு நேர அட்டவணை வைக்கலாம். என் போனில் இல்லை. வார நாள்களில் எட்டேகாலுக்குச் சாதாரண அலாரம் வைத்து, ‘பெட்டியைத் திற’ என்று பெயர் கொடுத்திருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். லாகினை உறுதிப்படுத்தும் ஆதென்டிகேட்டர் ஆப்பை முதலில் பெட்டிக்குள் போட்டிருந்தேன். ஒரு ஞாயிறு லேப்டாப்பில் அவசரமாக நுழைய வேண்டியிருந்தது. போனுக்கு ஒப்புதல் கேட்டு எதுவும் வரவில்லை. நெட்வொர்க்கைத் திட்டிக்கொண்டு இருபது நிமிடம் போராடிய பிறகுதான், பெட்டி மூடியிருப்பது உறைத்தது. இப்போது அந்த ஆப் சொந்தப் பக்கத்தில்.

போன வருடம் புதுப் போன் வாங்கினேன். சொந்தப் பக்கம் முழுக்க கேபிள் வழியே வந்து சேர்ந்தது, பெட்டி வரவில்லை. அது பேக்கப்பில் சேராது, புது போனில் மறுபடி பதிவு செய்துதான் கட்ட வேண்டும். பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுக்க ரீசெட் செய்யப் போனபோது ஐ.டி. தம்பி பதறிப்போய்த் தடுத்தார்: “சார், பழைய போன் கையில இருக்குல்ல? முதல்ல அதுல அப்ரூவ் பண்ணி புதுசைச் சேருங்க, அப்புறம் அழிங்க.” புதுப் போனைச் சேர்க்கவே பழைய போனின் ஒப்புதல் வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

மூன்று வருடத்தில் பேட்டரியில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஒரே ஒரு ஓட்டையைத்தான் அடைக்க முடியவில்லை. டீமின் வாட்ஸ்அப் குழு என் சொந்த நம்பரில் இருக்கிறது. சனிக்கிழமை பெட்டியை மூடிவிட்டு மார்க்கெட்டில் நிற்கும்போது, மேனேஜரிடமிருந்து அதில் செய்தி வரும்: “மெயில் பாத்தீங்களா?”