ஜெர்மானியமா, சிலிக்கானா: வெயில் ஏறும்போது யார் நிற்பது?

பழைய பாக்கெட் ரேடியோ ஒன்றின் முதல் ஆடியோ நிலையை மறுபடி கட்ட வேண்டியிருந்தது. அதில் இருந்தது OC71 வகை ஜெர்மானிய டிரான்சிஸ்டர். அதே இனத்தில் இன்னொன்றைத் தேடிப் போடுவதா, அல்லது சுற்றைக் கொஞ்சம் மாற்றி BC558 போன்ற சிலிக்கானுக்குப் போய்விடுவதா என்பதுதான் கேள்வி. நான் சிலிக்கானுக்குப் போனேன். அதற்குக் காரணம் விலையோ, கிடைப்பதில் உள்ள சிரமமோ அல்ல. வெப்பநிலை என்ற ஒரே காரணம்தான்.

எல்லோருக்கும் தெரிந்தவற்றை முதலில் வேகமாகக் கடந்துவிடலாம். ஜெர்மானிய சந்தி 0.2 முதல் 0.3 வோல்ட்டிலேயே கடத்தத் தொடங்கிவிடும், சிலிக்கானுக்கு 0.6 முதல் 0.7 வோல்ட் வேண்டும். ஜெர்மானியத்தில் எலக்ட்ரான்களும் துளைகளும் சிலிக்கானில் இருப்பதைவிட வேகமாக நகரும், துளைகள் விஷயத்தில் நான்கு மடங்கு வரை. சிலிக்கான் பத்து ரூபாய்க்குள் எந்தக் கடையிலும் கிடைக்கும், ஜெர்மானியத்துக்குப் பழைய சரக்கைத்தான் நம்ப வேண்டும். இவை மூன்றும் சேர்ந்தாலும் என் முடிவு மாறியிருக்காது.

முடிவைத் தீர்மானித்தது உள்ளார்ந்த ஊர்திச் செறிவு. மின்னோட்டத்தைச் சுமக்கும் எலக்ட்ரான்களும் துளைகளும்தான் ஊர்திகள். மாசு எதுவும் கலக்காத தூய படிகத்தில், வெப்பத்தின் அசைவாலேயே சில பிணைப்புகள் உடைந்து எலக்ட்ரான்–துளை ஜோடிகள் உருவாகும். அவை மறுபடி சேர்ந்து மறைவதும் நடக்கும். இந்த இரண்டும் சமநிலைக்கு வரும்போது ஒரு கன சென்டிமீட்டரில் எத்தனை எலக்ட்ரான்கள் இருக்கின்றனவோ அதுதான் ni. பிணைப்பை உடைக்க வேண்டிய ஆற்றல் இடைவெளி சிலிக்கானுக்கு 1.12 எலக்ட்ரான் வோல்ட், ஜெர்மானியத்துக்கு 0.66. வித்தியாசம் சிறியதாகத் தெரியலாம். ஆனால் அது அடுக்குக்குறிக்குள் உட்கார்ந்திருக்கிறது:

```
ni ∝ T^(3/2) · exp(-Eg / 2kT)
```

இதில் Eg என்பது அந்த ஆற்றல் இடைவெளி, T கெல்வினில் வெப்பநிலை, k போல்ட்ஸ்மன் மாறிலி. அதனால் 27 டிகிரி செல்சியஸில் சிலிக்கானின் ni சுமார் 10¹⁰, ஜெர்மானியத்தின் ni சுமார் 2.2 × 10¹³. இரண்டாயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம். (பல பாடநூல்கள் சிலிக்கானுக்கு 1.5 × 10¹⁰ என்ற பழைய மதிப்பைத் தருகின்றன. கீழே வரும் கணக்கின் போக்கை அது மாற்றாது.)

இனி நிறைத் தாக்க விதி. மாசு எவ்வளவு கலந்தாலும், வெப்பச் சமநிலையில் எலக்ட்ரான் செறிவையும் துளைச் செறிவையும் பெருக்கினால் ni²-தான் வரும்: n·p = ni². ஒரு n வகைப் படிகத்தில் கன சென்டிமீட்டருக்கு 10¹⁵ கொடை அணுக்கள், அதாவது எலக்ட்ரானைத் தரும் மாசு அணுக்கள், இருப்பதாக எடுத்துக்கொள்வோம். எலக்ட்ரான்கள் கிட்டத்தட்ட 10¹⁵. அப்படியானால் சிறுபான்மையான துளைகள் சிலிக்கானில் 10²⁰ / 10¹⁵, அதாவது வெறும் ஒரு லட்சம். ஜெர்மானியத்தில் அதே கணக்கு 4.8 × 10¹¹ என்று வருகிறது. ni-யில் இரண்டாயிரம் மடங்காக இருந்தது, வர்க்கமாகும்போது ஐம்பது லட்சம் மடங்கை நெருங்கிவிடுகிறது.

இந்தச் சிறுபான்மை ஊர்திகள்தான் சந்தியைப் பின்னோக்குச் சார்பில், அதாவது அது கடத்தக்கூடாத திசையில், வைக்கும்போது கசிவு மின்னோட்டமாக வருபவை. அப்படியானால் கசிவிலும் ஐம்பது லட்சம் மடங்கு வித்தியாசம் இருக்க வேண்டுமே என்று தோன்றும். அளந்தால் இருக்காது. அறை வெப்பநிலையில் சிலிக்கானின் கசிவு பெரும்பாலும் சந்தியின் இயக்கமில்லாப் பகுதிக்குள்ளேயே உருவாகும் ஜோடிகளால் வருகிறது, அது ni²-ஐப் பின்பற்றாமல் ni-ஐப் பின்பற்றுகிறது. படிகப் பரப்பின் வழியே கசிவதும் இதோடு சேர்ந்துகொள்கிறது. அதனால் சிறிய டிரான்சிஸ்டர்களில் கையில் கிடைக்கும் வித்தியாசம் சில ஆயிரம் மடங்கு என்ற அளவில்தான் இருக்கும்: ஜெர்மானியத்தில் சில மைக்ரோஆம்பியர், சிலிக்கானில் நானோஆம்பியர் அல்லது அதற்கும் கீழே.

சரி, சூடு ஏறினால் என்ன ஆகும்? பலர் இங்கே ஜெர்மானியம்தான் வேகமாகக் கெடும் என்று சொல்வார்கள். விகிதமாகப் பார்த்தால் உண்மை நேர்மாறானது. 27-லிருந்து 55 டிகிரிக்குப் போகும்போது மேலே சொன்ன ஜெர்மானியப் படிகத்தின் சிறுபான்மைத் துளைகள் சுமார் 17 மடங்கு கூடும். சிலிக்கானில் அதே 28 டிகிரிக்குள் சுமார் 70 மடங்கு கூடிவிடும், ஆற்றல் இடைவெளி பெரிதாக இருந்தால் வெப்பநிலைக்கான உணர்வும் கூடுதலாகத்தான் இருக்கும். ஆனால் சிலிக்கான் ஒரு லட்சத்திலிருந்து கிளம்பி எழுபது லட்சத்துக்குப் போகிறது. ஜெர்மானியம் கிளம்பும்போதே நாற்பத்தெட்டாயிரம் கோடி. சிலிக்கானைக் காப்பாற்றுவது அது ஏறும் வேகம் அல்ல, கிளம்பும் இடம்.

இதையே இன்னொரு பக்கமாகத் திருப்பிக் கேட்டால்தான் விஷயம் முழுதாகப் பிடிபடும். ஜெர்மானியத்துக்கு 27 டிகிரியில் இருக்கும் ni-ஐ, அதாவது 2.2 × 10¹³-ஐ, சிலிக்கான் எந்த வெப்பநிலையில் எட்டும்? கணக்குப் போட்டால் ஏறத்தாழ 160 டிகிரி வருகிறது. சிலிக்கான் 160 டிகிரியில் வேகும்போது எந்த நிலையில் இருக்குமோ, அந்த நிலையில்தான் ஜெர்மானியம் நம் மேசைமேல் சும்மா இருக்கும்போதே இருக்கிறது. தரவுத்தாள்களும் இதை ஒட்டியே பேசுகின்றன. BC558 போன்றவற்றுக்கு 25 டிகிரியில் கலெக்டர்–பேஸ் கசிவின் உச்சம் 15 நானோஆம்பியர், சந்தி 150 டிகிரி ஆகும்போது சில மைக்ரோஆம்பியர். அந்தச் சில மைக்ரோஆம்பியர்தான் ஜெர்மானிய டிரான்சிஸ்டரின் அறை வெப்பநிலைக் கசிவு.

முழு எல்லை என்பது ni வளர்ந்து மாசுச் செறிவையே எட்டிவிடும் இடம். அதற்குமேல் n பக்கம், p பக்கம் என்ற வித்தியாசமே மங்கிப்போய், சந்தி திசை பார்த்துக் கடத்துவதை நிறுத்திவிடும். 10¹⁵ மாசுச் செறிவுக்கு இது ஜெர்மானியத்தில் சுமார் 115 டிகிரியிலும், சிலிக்கானில் சுமார் 275 டிகிரியிலும் வரும். மாசைக் கூட்டினால் எல்லை மேலே போகும், ஆனால் சந்தி தாங்கும் மின்னழுத்தம் குறையும். நடைமுறையில் யாரும் அந்த எல்லை வரை போவதில்லை, கசிவு அதற்கு வெகு முன்பே வேலையைக் கெடுத்துவிடும். OC71-க்குச் சந்தி வெப்பநிலை 75 டிகிரியைத் தாண்டக்கூடாது என்றும், உலோக உறைக்குள் வரும் 2N3055 போன்ற சிலிக்கானுக்கு 200 டிகிரி வரை போகலாம் என்றும் போட்டிருப்பது அதனால்தான்.

கெடுவது எப்படி என்பதை ஒரு சுற்றில் பார்ப்போம். 9 வோல்ட் பேட்டரி, கலெக்டரில் 2.2 கிலோஓம், பேஸுக்கு ஒரே ஒரு பெரிய மின்தடை, எமிட்டர் நேராகத் தரையில். பெருக்கம் 80, 25 டிகிரியில் கலெக்டர்–பேஸ் கசிவு 5 மைக்ரோஆம்பியர். பேஸ் பக்கம் பெரிய மின்தடை இருப்பதால் கசிவுக்கு வேறு வழி கிடையாது, பேஸ்–எமிட்டர் வழியாகத்தான் போயாக வேண்டும். டிரான்சிஸ்டர் அதைச் சமிக்ஞை என்று எடுத்துக்கொண்டு 80 மடங்காக்கி, அந்தக் கசிவையும் சேர்த்து 81 மடங்காகத் தரும். அதாவது 0.4 மில்லிஆம்பியர். நாம் வேண்டும் என்று வைத்த 1 மில்லிஆம்பியரில் கிட்டத்தட்ட பாதி கசிவால் வந்தது.

இப்போது டிரான்சிஸ்டர் 55 டிகிரி ஆகட்டும். மே மாத வெயிலில் மூடிய பெட்டிக்குள் இது அதிசயம் இல்லை. பத்து டிகிரிக்கு ஒருமுறை கசிவு இரட்டிக்கும் என்ற பட்டறைக் கணக்கின்படி 5 என்பது 40 மைக்ரோஆம்பியர் ஆகும், 81-ஆல் பெருக்கினால் 3.2 மில்லிஆம்பியர். முன்பு சொன்ன 1 மில்லிஆம்பியரில் கசிவு போக பேஸ் மின்தடையால் வந்த மீதி 0.6-ஐயும் சேர்த்தால் 3.8. கலெக்டர் மின்தடையிலேயே 8.4 வோல்ட் விழுந்துவிடும், டிரான்சிஸ்டருக்கு மிஞ்சுவது 0.6 வோல்ட்தான். பாட்டு ஒரு பக்கம் நறுக்கப்பட்டுக் கரகரக்கும். காலையில் நன்றாகப் பாடி மதியம் கரகரக்கும் ரேடியோ என்றால், முதலில் கலெக்டர் மின்னழுத்தத்தை அளந்துவிட்டு, டிரான்சிஸ்டரை விரலால் பிடித்துச் சூடேற்றிப் பாருங்கள். மீட்டர் நகர்ந்துகொண்டே போனால் சந்தேகமே வேண்டாம், கசிவுதான். அதே சுற்றில் பெருக்கம் 200 உள்ள சிலிக்கானைப் போட்டு, 15 நானோஆம்பியர் என்ற உச்ச மதிப்பையே எடுத்து, அதே இரட்டிப்புக் கணக்கைப் போட்டாலும் 55 டிகிரியில் வருவது 0.024 மில்லிஆம்பியர். கவனிக்கவே தேவையில்லை.

வெளியீட்டு நிலையில் இது ஆபத்தாகவும் மாறும். கசிவு சூட்டைக் கூட்டும், சூடு கசிவைக் கூட்டும், கடைசியில் டிரான்சிஸ்டரே போய்விடும். பழைய ரேடியோக்களில் வெளியீட்டு ஜோடியின் பேஸ் பக்கத்தில் ஒரு தெர்மிஸ்டரும், எமிட்டரில் சிறு மின்தடையும் இருப்பது அதைத் தடுக்கத்தான். அவற்றைக் கழற்றிவிடாதீர்கள்.

ஜெர்மானியத்தையே வாங்குவது என்று முடிவெடுத்தவர்கள் மல்டிமீட்டரின் பெருக்க எண்ணை அப்படியே நம்பக்கூடாது. மீட்டர் பேஸுக்குச் சுமார் 10 மைக்ரோஆம்பியர் கொடுத்துவிட்டுக் கலெக்டரில் வருவதை எண்ணும். கசிவு 0.4 மில்லிஆம்பியர் இருந்தால் அதுவே 40 என்று கூடிக்கொள்ளும், 80 பெருக்கம் உள்ளது 120 என்று காட்டும். பேஸை எதிலும் இணைக்காமல், 9 வோல்ட்டுக்குக் குறுக்கே 2.2 கிலோஓமையும் கலெக்டர்–எமிட்டரையும் தொடராக வைத்து, மின்தடையில் விழும் வோல்ட்டைப் பாருங்கள். 0.4 வோல்ட் என்றால் கசிவு 0.2 மில்லிஆம்பியருக்குச் சற்றுக் கீழே, சமாளிக்கலாம். ஒரு வோல்ட்டைத் தாண்டினால் நான் அதை வாங்க மாட்டேன்.

இந்தச் சண்டை புதிதல்ல. 1954 மே மாதம் அமெரிக்காவின் டேட்டன் நகரில் நடந்த மாநாட்டில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் கோர்டன் டீல் சிலிக்கான் டிரான்சிஸ்டரை அறிவித்தார். ஓடிக்கொண்டிருந்த இசைத்தட்டுப் பெருக்கியின் ஜெர்மானிய டிரான்சிஸ்டரைச் சூடான எண்ணெயில் முக்கியதும் பாட்டு நின்றது, சிலிக்கானை முக்கியபோது பாட்டு தொடர்ந்தது. மேலே போட்ட கணக்கு முழுவதும் அந்த ஒரு செய்முறைக்குள் இருக்கிறது.

ஜெர்மானியம் எங்கேயும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பேட்டரி இல்லாத கிரிஸ்டல் ரேடியோவில் சமிக்ஞையே மில்லிவோல்ட்டுகளில் வருவதால் ஜெர்மானிய டயோடைத்தான் வைப்பேன். காமா கதிர்களை அளக்கும் தூய ஜெர்மானியக் கண்டறிகருவிகளைத் திரவ நைட்ரஜனால் குளிரவைத்து இயக்குகிறார்கள், அந்தக் குளிரில் ni கணக்கிலேயே வராது. கிட்டார் பெடல்களில் ஜெர்மானியத்தின் ஒலிதான் இனிமை என்கிறார்கள். நான் கிட்டார் வாசிப்பவன் அல்ல என்பதால் அதில் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. உயர் அதிர்வெண் சுற்றுகளிலும் என் கைப்பழக்கம் குறைவு, அங்கே வேகமாக நகரும் ஊர்திகளுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்பதை அதில் வேலை செய்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

ரேடியோவில் மாற்றுவதாக இருந்தால் செய்ய வேண்டியது இதுதான். OC71 PNP வகை, ஆகவே BC558 போன்ற PNP சிலிக்கானையே எடுங்கள், கால்களின் வரிசை வேறாக இருக்கும் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பேஸ் மின்னழுத்தம் 0.4 வோல்ட் அளவு கூட வேண்டும், பகுப்பானில் பேட்டரி பக்கத்து மின்தடையைக் குறைத்து அதைக் கொண்டுவரலாம். எமிட்டர் மின்தடையை அப்படியே விட்டுவிட்டு, கலெக்டரில் பேட்டரியின் பாதி வோல்ட் வரும்வரை சரிசெய்யுங்கள். அப்புறம் பெட்டியை மூடி ஒரு மதியம் வெயில் படும் இடத்தில் ஓடவிட்டு, அதே புள்ளியை மறுபடி அளந்து பாருங்கள்.