கல்ச்சர் ரிப்போர்ட்டை ஒரு பக்க ஆன்டிபயாடிக் அட்டவணையாக்குவது: நீண்ட நாள் பயன்பாட்டில் எது நின்றது, எது நிற்கவில்லை

யூரின் கல்ச்சர் ரிப்போர்ட்டில் பதினைந்துக்கு மேல் மருந்துகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு எம்.ஐ.சி. எண், அதாவது கிருமி வளராமல் தடுக்கத் தேவையான குறைந்தபட்ச மருந்தளவு. பக்கத்தில் ‘எஸ்’, ‘ஐ’, ‘ஆர்’ என்று ஓர் எழுத்து: மருந்துக்குக் கிருமி அடங்கும், இடைநிலை, எதிர்க்கும். ‘எஸ்’ வாங்கியவற்றை மட்டும் பொறுக்கி எழுதினால் அட்டவணை ஆகிவிடும் என்றுதான் தோன்றும். அப்படிச் செய்த அட்டவணை வார்டில் தப்பான மருந்துக்கே வழிகாட்டும். கிருமி எது, அதன் எதிர்ப்பு எந்த வகை, தொற்று உடம்பில் எங்கே இருக்கிறது என்ற மூன்றையும் வைத்து அமைத்த அட்டவணைதான் நிலைத்தது. இங்கே எழுதுவது சிறுநீர்த் தொற்றில் வரும் ஈ. கோலை, க்ளெப்சியெல்லா குடும்பத்துக்கான பக்கம் பற்றி மட்டும்.

கீழே உள்ள அட்டவணையில் எந்த வரிசை என்று கண்டுபிடிக்க முழு ரிப்போர்ட்டையும் படிக்க வேண்டியதில்லை. முதலில் கிருமியின் பெயர், அடுத்து செஃப்ட்ரியாக்ஸோன், அதற்கடுத்து மெரோபெனம். இந்த மூன்றிலேயே வரிசை முடிவாகிவிடும்.

| கிருமியும் எதிர்ப்பும் | சிறுநீர்ப்பை மட்டும் | சிறுநீரகம் அல்லது ரத்தம் | ‘எஸ்’ என்றாலும் வேண்டாம் |
|---|---|---|---|
| ஈ. கோலை, க்ளெப்சியெல்லா நிமோனியே. செஃப்ட்ரியாக்ஸோன் ‘எஸ்’ | நைட்ரோஃப்யூரன்டாயின் | செஃப்ட்ரியாக்ஸோன் | சிறுநீரகத் தொற்றில் நைட்ரோஃப்யூரன்டாயின் |
| அதே கிருமிகள்; செஃப்ட்ரியாக்ஸோன் ‘ஆர்’, மெரோபெனம் ‘எஸ்’ (செஃப்ட்ரியாக்ஸோன் போன்ற மருந்துகளைச் சிதைக்கும் இ.எஸ்.பி.எல். நொதி வகை) | நைட்ரோஃப்யூரன்டாயின், ஈ. கோலைக்கு ஃபாஸ்ஃபோமைசினும் | மெரோபெனம். நிலைமை சீரானபின் எர்டாபெனம் | ரத்தத் தொற்றில் பிப்பராசிலின்-டாசோபாக்டம் |
| எண்டரோபேக்டர் க்ளோயேசி, க்ளெப்சியெல்லா ஏரோஜெனிஸ், சிட்ரோபேக்டர் ஃப்ராய்ண்டி. மெரோபெனம் ‘எஸ்’ | ‘எஸ்’ ஆக உள்ள வாய்வழி மருந்து | செஃபிபைம் ‘எஸ்’ என்றால் அது, இல்லையேல் மெரோபெனம் | செஃப்ட்ரியாக்ஸோன் |
| மெரோபெனம் ‘ஆர்’ | மைக்ரோபயாலஜியுடன் பேசவும் | மைக்ரோபயாலஜியுடன் பேசவும் | கோலிஸ்டினை மட்டும் நம்புவது |

கடைசிப் பத்திதான் இந்த அட்டவணையின் உயிர். அது இல்லாமல் அச்சிட்ட முதல் வடிவத்தால் பெரிய பயன் இருக்கவில்லை, ஏனென்றால் எந்த மருந்து வேலை செய்யும் என்பதை ரிப்போர்ட்டே சொல்லிவிடுகிறது. ‘எஸ்’ போட்டிருந்தும் எதைத் தொடக்கூடாது என்பதை அது சொல்வதில்லை.

ஒரு மாதிரி ரிப்போர்ட்டை வைத்துப் பார்ப்போம். சர்க்கரை நோயுள்ள 58 வயதுப் பெண். குளிர்க்காய்ச்சல், வலது விலாவுக்குக் கீழே முதுகுப்பக்க வலி. யூரின், ரத்தம் இரண்டிலும் ஈ. கோலை வளர்ந்திருக்கிறது. செஃப்ட்ரியாக்ஸோன் 64, ‘ஆர்’. சிப்ரோஃப்ளாக்சாசின் 4, ‘ஆர்’. கோட்ரைமாக்சசோல் ‘ஆர்’. பிப்பராசிலின்-டாசோபாக்டம் 8, ‘எஸ்’. அமிகாசின் 2, ‘எஸ்’. நைட்ரோஃப்யூரன்டாயின் 16, ‘எஸ்’. மெரோபெனம் 0.25, ‘எஸ்’.

செஃப்ட்ரியாக்ஸோன் போய்விட்டது, மெரோபெனம் இருக்கிறது. எனவே இரண்டாவது வரிசை. ரத்தத்திலும் கிருமி இருப்பதால் மூன்றாவது பத்தி, அதாவது மெரோபெனம். நைட்ரோஃப்யூரன்டாயின் சிறுநீரில்தான் செறிகிறது. சிறுநீரகத் திசுவிலும் ரத்தத்திலும் போதுமான அளவுக்கு ஏறாது, அதனால் அந்த ‘எஸ்’ இந்த நோயாளிக்குப் பொருளற்றது. வாயால் கொடுக்கும் ஃபாஸ்ஃபோமைசினுக்கும் இதே கதைதான். மாத்திரைக்கு மாற்ற சிப்ரோஃப்ளாக்சாசினோ கோட்ரைமாக்சசோலோ ‘எஸ்’ ஆக இருந்திருந்தால், காய்ச்சல் இறங்கியபின் மாற்றியிருக்கலாம். இரண்டும் ‘ஆர்’ என்பதால், நிலைமை சீரானதும் நாளுக்கு ஒருமுறை போடும் எர்டாபெனம் ஊசிதான் வீட்டுக்கு அனுப்பும் வழி.

வார்டில் அதிகம் விவாதம் வருவது பிப்பராசிலின்-டாசோபாக்டம் மீதுதான். ‘எஸ்’ என்று ரிப்போர்ட்டே சொல்லும்போது ஏன் கூடாது என்று கேட்பார்கள். செஃப்ட்ரியாக்ஸோனை எதிர்க்கும் ஈ. கோலை, க்ளெப்சியெல்லா ரத்தத் தொற்றுகளில் இந்த இரண்டு மருந்துகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்டது 2018இல் வெளியான மெரினோ ஆய்வு. 30 நாளில் இறப்பு மெரோபெனத்தில் 3.7 சதவீதம், பிப்பராசிலின்-டாசோபாக்டத்தில் 12.3 சதவீதம். பிறகு எம்.ஐ.சி.யை மறுபடி அளந்து பார்த்ததில், ‘எஸ்’ என்று எண்ணிய கிருமிகள் சில உண்மையில் ‘எஸ்’ அல்ல என்று தெரிந்தது. அவற்றை நீக்கியதும் இடைவெளி குறைந்தது. இந்த மருந்துக்குக் கிடைக்கும் ‘எஸ்’ எவ்வளவு தள்ளாடக்கூடியது என்பதையே இது காட்டுகிறது. அதனால் அந்தக் கட்டத்தை மாற்றவில்லை.

மூன்றாவது வரிசைக்குக் காரணம் வேறு. இந்தக் கிருமிகளிடம் ஆம்ப்-சி என்ற நொதிக்கான மரபணு பிறவியிலேயே உண்டு. சோதனை நாளில் அடங்கிக் கிடக்கும், செஃப்ட்ரியாக்ஸோன் ‘எஸ்’ என்று வரும். சிகிச்சை நடக்கும்போதே நொதி பெருகும். முதலில் காய்ச்சல் குறைந்து, சில நாளில் திரும்ப ஏறி, அடுத்த கல்ச்சரில் அதே கிருமி ‘ஆர்’ ஆக வந்தால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். க்ளெப்சியெல்லா என்ற பெயரைப் பார்த்ததும் முதல் வரிசைக்குப் போய்விடுவது அடிக்கடி நடக்கும் தவறு. நிமோனியேயா ஏரோஜெனிஸா என்பதை முழுப்பெயரோடு படிக்க வேண்டும்.

எம்.ஐ.சி. எண்களுக்கு முதலில் ஒரு பத்தி இருந்தது. அதை எடுத்துவிட்டதில் வருத்தமில்லை. எண் சிறியதாக இருக்கும் மருந்தே வலியது என்று படிப்பவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு மருந்துக்கும் எல்லை வேறு. ஈ. கோலைக்கு நைட்ரோஃப்யூரன்டாயின் 16 என்றால் ‘எஸ்’, சிப்ரோஃப்ளாக்சாசின் 0.5 என்றாலே ‘ஐ’. குறுக்கே ஒப்பிடவே முடியாது. டோஸ் பத்தியும் அப்படியே போனது. மெரோபெனம் 1 கிராம், 8 மணி நேரத்துக்கு ஒருமுறை என்று அச்சிட்டிருந்தால், கிரியாட்டினின் க்ளியரன்ஸ் 20 உள்ளவருக்கும் அதையே எழுதிவிடுகிறார்கள். அவருக்கு 500 மி.கி., 12 மணி நேரத்துக்கு ஒருமுறைதான். டோஸை சிறுநீரகச் செயல்பாட்டின் அளவோடு சேர்த்துத் தனித் தாளில் வைப்பதே சரி.

ரிப்போர்ட்டில் ஒரு மருந்தே இல்லாமல் இருப்பதையும் ‘ஆர்’ என்று படிக்கக்கூடாது. செஃப்ட்ரியாக்ஸோன் ‘எஸ்’ என்றால் மெரோபெனம் முடிவை வெளியிடாமல் வைத்துக்கொள்ளும் ஆய்வகங்கள் உண்டு. தேவையில்லாமல் பெரிய மருந்துக்குத் தாவாமல் இருக்க அது நல்ல பழக்கம். இதற்கு நேர்மாறானது ப்ரோட்டியஸ். அது நைட்ரோஃப்யூரன்டாயினை இயல்பாகவே எதிர்க்கும். ஈ. கோலையோடு ஒரே வரிசையில் வைத்தால் சிறுநீர்ப்பைக் கட்டம் பொய்யாகிவிடும். அதற்குத் தனி வரிசை கொடுப்பதைத் தவிர வழியில்லை.

மெரோபெனம் ‘ஆர்’ வரிசையை மருந்துப் பெயர்களால் நிரப்பும் ஆசை எல்லோருக்கும் வரும். எதிர்ப்பு ஆக்சா-48 வகை நொதியால் வந்தது என்றால் செஃப்டாசிடிம்-அவிபாக்டம் வேலை செய்யும். என்.டி.எம். நொதி என்றால் அந்த மருந்து தனியாகப் போதாது, அஸ்ட்ரியோனமும் கூட வேண்டும். இந்தியாவில் இந்த இரண்டு நொதிகளுமே பரவலாக உள்ளவை. சாதாரண ரிப்போர்ட் இவற்றைப் பிரித்துச் சொல்லாது. கோலிஸ்டினுக்கு 2020 முதல், இந்த எல்லைகளை வகுக்கும் அமெரிக்க அமைப்பான சி.எல்.எஸ்.ஐ. ‘எஸ்’ என்ற வகையையே எடுத்துவிட்டது. எனவே அந்தக் கட்டங்களில் தொலைபேசி எண் இருப்பதே பயன்.

எல்லைகள் மாறும்போது அட்டவணை சத்தமில்லாமல் பழசாகிறது. பிப்பராசிலின்-டாசோபாக்டத்துக்கு ‘எஸ்’ எல்லை 2022இல் 16இலிருந்து 8க்கு இறங்கியது. பழைய மென்பொருள் ஓடும் கருவி 16க்கும் ‘எஸ்’ என்றே அச்சிடும். ஆய்வகம் எந்த ஆண்டின் சி.எல்.எஸ்.ஐ. பதிப்பைப் பின்பற்றுகிறது என்று கேட்டு, அந்த ஆண்டை அட்டவணையின் மேல் மூலையில் எழுதி வையுங்கள். ஆய்வகம் புதிய பதிப்புக்கு மாறும் அன்றே பழைய தாளைச் சுவரிலிருந்து எடுத்துவிட வேண்டும்.